"12 லட்சம் வரை வரி ஜீரோ!"னு தலைப்பு வைக்கலாமா?

2025 பட்ஜெட் வீடியோவுக்கு நான் முதலில் எழுதிய தலைப்பு இதுதான். க்ளிக் வரும், சந்தேகமே இல்லை. ஆனா யாருக்கு ஜீரோ?

ஒரு கணக்கு பாருங்க. 2025-26-ல் உங்க சம்பளம் 10.75 லட்சம், புதிய வரி முறை. நிலையான கழிவு 75,000 போக மீதி 10 லட்சம். அதற்கான 40,000 ரூபாய் வரி முழுக்க ரிபேட்டில் கழிஞ்சிடும். அதே வருஷம், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத ஷேர்களை மார்க்கெட்டில் வித்து 50,000 லாபம் பார்த்திருந்தா? மொத்த வருமானம் 12 லட்சத்துக்குக் கீழேதான். ஆனாலும் அந்த லாபத்துக்கு ரிபேட் கிடையாது. 20% வரியும் செஸ்ஸும் சேர்த்து 10,400 ரூபாய் கட்டணும்.

அதனால தலைப்பை மாத்தினேன்: "சம்பளம் மட்டும்தான் வருமானமா? புதிய முறையில் 12.75 லட்சம் வரை வரி இல்லை". கொஞ்சம் நீளம்தான், ஆனா யாருக்குன்னு முதல் வார்த்தையிலேயே தெரியுது.

தம்ப்நெய்லில் "சம்பளம் 12.75 லட்சம், வரி 0" போதும். "சம்பளம்"ங்கிற வார்த்தையும் பெரிய எழுத்திலேயே இருக்கணும். ஸ்டார் போட்டு பொடி எழுத்தில் நிபந்தனை எழுதுறது சுத்த ஏமாத்து. அதுவும் வலது கீழ் மூலையில் எழுதினா, வீடியோ நீளத்தைக் காட்டும் பெட்டி அதை மறைச்சிடும்.

ஷேர் லாபம் பற்றி முதல் 30 விநாடிக்குள்ளயே சொல்லிடுங்க. அந்த இடத்தில் பார்வையாளர் வரைபடம் சட்டுனு சரிஞ்சா, தலைப்பு தப்பான ஆளைக் கூட்டிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்.