ஒரு புள்ளிக்கு ஒரே குறிப்பு

கணினி விளையாட்டு ஒன்றில் இரவுத் தெரு. நூறு விளக்குகள் எரிகின்றன. கடையின் கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளே சுவர் தெரிகிறது. இதைத் திரையில் வரைய இரண்டு வழிகள் உண்டு.

பழைய வழி ஃபார்வர்ட் ரெண்டரிங். ஒரு பொருளை எடுத்ததும் அதன்மேல் விழும் ஒளியை அப்போதே கணக்கிட்டு, முடிந்த நிறத்தைத் திரையில் வைத்துவிடும். பிறகு வரையும் லாரி அந்தச் சுவரை மறைத்தால், சுவருக்குச் செய்த கணக்கு வீண்.

டெஃபர்ட் ரெண்டரிங் ஒளியைத் தள்ளிப்போடுகிறது. முதலில் ஒவ்வொரு பிக்சலிலும் தெரியும் பரப்பின் நிறம், அது பார்த்திருக்கும் திசை, தொலைவு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளும். இந்தக் குறிப்பேட்டுக்கு ஜி-பஃபர் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் பரப்புக்கு மட்டும் ஒளிக்கணக்கு நடப்பதால் நூறு விளக்குகளும் கட்டுப்படியாகின்றன. 2009-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'கில்ஸோன் 2' இப்படி வரையப்பட்டதுதான்.

சிக்கல் கண்ணாடியில் தொடங்குகிறது. குறிப்பேட்டில் ஒரு பிக்சலுக்கு ஒரு பரப்புக்குத்தான் இடம். கண்ணாடியை எழுதினால் சுவர் அழிந்துவிடும். இரண்டின் குறிப்பையும் கலக்கலாமா என்றால், கண்ணாடி தெருவைப் பார்க்கிறது, சுவர் பக்கவாட்டில் பார்க்கிறது. நடுவில் கிடைக்கும் திசை இரண்டுக்கும் சொந்தமில்லை. ஃபார்வர்டில் கலப்பது முடிந்த நிறங்களை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே டெஃபர்ட் இன்ஜின்களும் கண்ணாடி, புகை போன்றவற்றைக் கடைசியில் ஃபார்வர்ட் முறையில், தொலைவிலிருந்து அருகுக்கு வரிசைப்படுத்தி வரைகின்றன. தலைமுடி போன்றவற்றைப் புள்ளிபுள்ளியாக ஓட்டைவிட்டு வரைந்து ஒப்பேற்றுவதும் உண்டு. முடியோரத்தில் மணல் தூவியதுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

விளிம்புகளின் படிக்கட்டு வடிவத்தை மழுப்பும் ஆன்டி-அலியாசிங்கிலும் இதே கதை. எம்.எஸ்.ஏ.ஏ. முறை ஒரு பிக்சலுக்குள் 4 இடங்களைச் சோதிக்கும். இரண்டில் விளக்குக் கம்பம், இரண்டில் பின்னாலுள்ள கட்டடம் என்றால், ஃபார்வர்டில் இரு நிறங்களின் சராசரி போதும், விளிம்பு மென்மையாகும். டெஃபர்டில் சராசரியாவது தொலைவு. கம்பம் 2 மீட்டரில், கட்டடம் 50 மீட்டரில் இருந்தால் விடை 26 மீட்டர். அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு அருகில் ஒரு விளக்கு எரிந்தால், இல்லாத பரப்பின்மேல் ஒளி விழுந்து, கம்பத்தின் ஓரத்தில் பொருந்தாத வெளிச்சப் புள்ளிகள் தோன்றும்.

சரியாகச் செய்ய 4 குறிப்புகளையும் தனித்தனியே வைத்து, விளிம்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒளி கணக்கிட்டு, அதன் பிறகே நிறங்களைச் சராசரியாக்க வேண்டும். 1920×1080 திரையில் பிக்சலுக்கு 20 பைட் என்றால் குறிப்பேடு சுமார் 41 மெகாபைட். நான்கு மடங்கானால் 166. நொடிக்கு 60 முறை இதை எழுதிப் படிப்பது பெரிய சுமை.

அதனால் பல விளையாட்டுகள் டி.ஏ.ஏ. முறைக்கு மாறின. அது ஒளிக்கணக்கு முடிந்த படத்தை முந்தைய படங்களோடு கலக்கிறது. குறிப்பேட்டைத் தொடாததால் செலவு குறைவு. ஆனால் வேகமாக ஓடும் வண்டியின் பின்னால் சில சமயம் மங்கலான நிழலுரு ஒன்று இழுபடும்.