40,000 ரூபாய் நாளும் 20,000 ரூபாய் நாளும்

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நிறைய உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு வாங்கி, அளவுக்கு வெட்டி, சி.என்.சி. லேத்தில் கடைந்து, கிரைண்டிங் முடித்து அனுப்புவது இவர்கள் வேலை. "ஆடிட்டர் லாபம்னு சொல்றாரு. ஆனா சனிக்கிழமை சம்பளம் போடறதுக்கு சி.சி. அக்கவுண்ட்ல பணம் இல்லை" என்பது இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஆடிட்டர் சொல்வதும் சரி, முதலாளி சொல்வதும் சரி. லாபம் பில் போட்ட அன்றே கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வர நாளாகிறது. எத்தனை நாள், அந்த நாட்கள் எங்கே கழிகின்றன என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வகுத்தல் கணக்கு போதும்.

அப்படியொரு பட்டறையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு விற்பனை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 1 கோடியே 46 லட்சம். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 40,000 ரூபாய். ராடு, பட்டறைக் கூலி, மின்சாரம், வெளி வேலை எல்லாம் சேர்ந்த உற்பத்திச் செலவு 1 கோடியே 9 லட்சத்து 50 ஆயிரம், நாளுக்கு 30,000. அதில் கடனுக்கு வாங்கும் ராடு மட்டும் ஆண்டுக்கு 73 லட்சம், நாளுக்கு 20,000. இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

மார்ச் 31 அன்று கம்பெனிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி 28 லட்சத்து 32 ஆயிரம் என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. இதை அப்படியே 40,000-ஆல் வகுத்தால் 71 நாள் வரும். அது தவறு. பாக்கியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறது; 40,000-ல் அது இல்லை. பாக்கியை 1.18-ஆல் வகுத்து வரியைக் கழித்தால் 24 லட்சம். அதை 40,000-ஆல் வகுத்தால் 60. இது வசூல் நாள். அதாவது பில் போட்ட பிறகு பணம் வர சராசரியாக 60 நாள் ஆகிறது. பல பட்டறைகளின் கணக்கில் வரியைக் கழிக்காமல் விட்ட அந்தப் பதினோரு நாள் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது சரக்கு. பட்டறைக்குள் நடந்து பார்த்தாலே தெரியும். வாசலோரம் ஸ்டாண்டில் அடுக்கிய ராடு 6 லட்சம். லேத்திலும் கிரைண்டிங்குக்கு வெளியே போயிருப்பதிலும் பாதி வேலையாக நிற்பது 3 லட்சம். எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டு, கம்பெனியின் டெலிவரி ஷெட்யூலுக்காகக் காத்திருக்கும் ஷாஃப்ட் நாலரை லட்சம். ஆக 13 லட்சத்து 50 ஆயிரம். சரக்கின் மதிப்பு அடக்க விலையில் இருப்பதால் வகுக்க வேண்டியதும் அடக்கச் செலவான 30,000-ஆல்தான். விடை 45 நாள். விற்பனையால் வகுப்பவர்களுக்கு 34 நாள்தான் வரும். லாப விகிதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குச் சரக்கு குறைவாகத் தெரியும். என்னைக் கேட்டால், மொத்த 45-ஐவிட அதன் பிரிவுகளைப் பார்ப்பதே பயனுள்ளது. ராடு மட்டும் நாளுக்கு 20,000 ரூபாய்க்குக் கரைகிறது என்றால், வாசலில் கிடக்கும் 6 லட்சம் 30 நாள் தேவைக்கானது. உள்ளூரிலேயே ஸ்டாக்கிஸ்ட் இருக்கும்போது 30 நாள் ராடு எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

மூன்றாவது, ராடு கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. 7 லட்சத்து 8 ஆயிரத்தில் வரியைக் கழித்தால் 6 லட்சம். கொள்முதலான 20,000-ஆல் வகுத்தால் 30. இது கடன் நாள். இந்த 30 நாளும் அவர் பணத்தில் நம் தொழில் ஓடுகிறது.

சரக்கு 45, வசூல் 60, சேர்த்தால் 105. அதில் கடன் நாள் 30-ஐக் கழித்தால் 75. ராடுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து அது ஷாஃப்டாக மாறி, பில்லாகி, பணமாகத் திரும்பி வர 75 நாள். பெரும்பாலான விளக்கங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

வசூலில் ஒரு நாள் என்பது 40,000 ரூபாய். சரக்கில் ஒரு நாள் 30,000. கடனில் ஒரு நாள் 20,000. மூன்றும் ஒரே விலை அல்ல. கம்பெனிக்காரர் பத்து நாள் தாமதமாகப் பணம் தருகிறார், நாமும் ராடு கடைக்குப் பத்து நாள் தள்ளிக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 நாள் மாறாது. கணக்கில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் நம்மிடம் வராமல் நின்றது 4 லட்சம், நாம் கொடுக்காமல் வைத்தது 2 லட்சம். பாக்கி 2 லட்சம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வரியையும் சேர்த்தால் இன்னும் கூடும்: வசூலாகாத பில்லுக்கும் ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதமே கட்ட வேண்டியிருக்கிறது. எனவே நாளைக் கண்டுபிடித்ததும் உடனே ரூபாயாக மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டறையில் வசூலைப் பத்து நாள் முன்னுக்குக் கொண்டுவந்தால் வரியோடு 4 லட்சத்து 72 ஆயிரம் கைக்கு வரும். சி.சி. வட்டி 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 47,200 ரூபாய் மிச்சம். ராடு கடைக்காரரை இன்னும் பத்து நாள் இழுத்தடித்தால் கிடைப்பது, வரியோடு பார்த்தாலும், அதில் பாதி. அதுவும் அவர் விலையில் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் ஏற்றிவிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

வசூலுக்குச் சட்டத்தின் துணையும் கொஞ்சம் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தைச் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமே போட்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. 2023-24 கணக்காண்டிலிருந்து, கெடு தாண்டிய அந்தத் தொகையை வாங்கியவர் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 60 நாள் என்பது சட்டக் கெடுவையே தாண்டியது என்று பட்டறைக்காரர் கடிதத்தில் குறிப்பிடலாம். தான் கிரைண்டிங்குக்கு அனுப்பும் சிறு யூனிட்டுக்கும் அதே கெடு தன்மேல் பாயும் என்பதை அவர் மறக்கக்கூடாது.

ஆனால் அந்த 60 நாள் உண்மையா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பம்ப் தொழில் கோடையை நம்பியது. நம் பட்டறையில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் மாதம் 8 லட்சம்தான் விற்பனை. பிப்ரவரியில் 18 லட்சம், மார்ச்சில் 20 லட்சம். செப்டம்பர் கடைசியில் வரி நீங்கலான பாக்கி 16 லட்சம் இருந்தது. ஆண்டுச் சராசரியான 40,000-ஆல் வகுத்தால் 40 நாள். மார்ச்சில் 60 நாள். ஆறு மாதத்தில் வசூல் கெட்டுவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இப்போது வேறு வழியில் எண்ணிப் பாருங்கள். பாக்கியிலிருந்து கடைசி மாத விற்பனையை முதலில் கழிக்க வேண்டும், பிறகு அதற்கு முந்தைய மாதம். செப்டம்பரில் 16 லட்சம் பாக்கி. செப்டம்பர் விற்பனை 8 லட்சம் கழிந்தால் 30 நாள், ஆகஸ்ட் 8 லட்சம் கழிந்தால் 31 நாள், மொத்தம் 61. மார்ச்சில் 24 லட்சம் பாக்கி. மார்ச் விற்பனை 20 லட்சம் கழிந்தால் 31 நாள், மிச்சம் 4 லட்சம் பிப்ரவரியின் 18 லட்சத்தில் ஆறு நாள் அளவு, மொத்தம் 37. அப்படியானால் வசூல் 61-லிருந்து 37 ஆகத் தேறியிருக்கிறது. சராசரிக் கணக்கு நேர்மாறாகச் சொன்னது. பம்ப் கம்பெனிகள் ஒழுங்காகப் பணம் தரும் மார்ச்சில் அவர்களிடம் கோபப்பட்டு, இழுத்தடித்த செப்டம்பரில் சும்மா இருந்திருப்பார் முதலாளி. சீசன் உள்ள எந்தத் தொழிலும் சராசரிக் கணக்கை நம்பக்கூடாது. பட்டாசு, ஜவுளி, ஐஸ்கிரீம் எல்லாம் இதில் சேர்த்தி.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. பாக்கி முழுவதும் புதிய பில்கள்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. 24 லட்சத்தில் 3 லட்சம் ஒரு வருடத்துக்கு முந்தைய பில்லாக இருக்கலாம்: அளவு சரியில்லை என்று கம்பெனி திருப்பி, டெபிட் நோட் தகராறில் நிற்பது. அதை நாள் கணக்கில் சேர்க்கக்கூடாது. தனியாக எழுதிவைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். பல வங்கிகள் 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியை சி.சி.யில் பணம் எடுக்கும் தகுதிக்குக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே அந்த 3 லட்சம் நம் பணத்தையும் முடக்கி, வங்கிப் பணத்துக்கும் உதவாது.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும்விட அதிகம் பயன்படுவது புது ஆர்டர் வரும்போது. ஒரு கம்பெனி மாதம் 2 லட்சத்துக்கு ஷாஃப்ட் கேட்கிறது, ஆனால் 90 நாள் கடன் வேண்டுமாம். அடக்கம் ஒன்றரை லட்சம், மாதம் 50,000 மிச்சம். காகிதத்தில் நல்ல ஆர்டர். மூன்று மாத பில் வரியோடு 7 லட்சத்து 8 ஆயிரம் வெளியே நிற்கும். 45 நாள் சரக்கு 2 லட்சத்து 25 ஆயிரம். ராடு கடைக்காரர் ஒரு மாதக் கடனாக வரியோடு 1 லட்சத்து 18 ஆயிரம் தாங்குவார். மிச்சம் 8 லட்சத்து 15 ஆயிரத்தை நாம் போட வேண்டும், ஆர்டர் ஓடும்வரை அது திரும்பாது. 10 சதவீத வட்டி கட்டினாலும் ஆண்டுக்கு 81,500 ரூபாய்தான். 6 லட்சம் மிச்சத்தில் அதைத் தாங்கலாம். சி.சி.யில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 5 லட்சம்தான் இருக்கிறதென்றால் நான்காவது மாதம் சம்பளச் சனிக்கிழமை இடிக்கும். 60 நாளுக்குப் பேசி முடித்தால் தேவை 5 லட்சத்து 79 ஆயிரம். அதோடு இந்த ஆர்டருக்கான சரக்கை 45 நாளிலிருந்து 29 நாளாகச் சுருக்கினால் 80,000 குறைந்து 4 லட்சத்து 99 ஆயிரத்தில் நிற்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கம்பெனியிடமும் பட்டறை மேஸ்திரியிடமும் பேச வேண்டிய எண்கள் இவை.