மூன்று மானிகளும் ஓர் உருக்குக் குழாயும்

கொழும்பிலிருந்து வரும் வீதி பெரகல சந்தியில் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. பஸ்கள் பிரேக்கை விடாமல் வளைந்து வளைந்து இறங்கும் இந்த மலைச்சரிவின் உயரத்தை இப்போது ஓர் ஆறும் இறங்குகிறது, மலைக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல். 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா திட்டத்தில், சுரங்கத்தின் வழியே வரும் நீர் 600 மீற்றருக்கும் மேலாக விழுந்து, வெல்லவாயவை அண்டிய நிலத்தடி மின்நிலையத்தில் இரண்டு சுழலிகளைச் சுழற்றுகிறது; அவற்றின் கொள்திறன் 120 மெகாவாட். 600 மீற்றர் உயர நீர் அடியில் தரும் அமுக்கம் ஏறத்தாழ 6 மெகா பஸ்கால். அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் சுமார் 60 கிலோகிராம் நிறை ஏறி நிற்பதுபோல. இப்படிப்பட்ட அமுக்கத்தைத் தாங்கும் உருக்குச் சுவர் எந்தத் திசையில் எவ்வளவு இழுபடுகிறது என்பதை எப்படி அறிவது? இதற்குப் பொறியியலாளர் நாடுவது சுவரின் மேல் ஒட்டப்படும் மூன்று சிறிய விகாரமானிகளின் கூட்டத்தை. ரோசெட் என்று அதற்குப் பெயர். அது நேரடியாகத் தகைப்பைக் காட்டுவதில்லை என்பதும், மூன்று எண்களையும் முறையாக மாற்றாமல் தனித்தனியே நம்புவது ஆபத்து என்பதும்தான் இங்கே நான் சொல்ல வருவது.

விகாரமானி என்பது மெல்லிய தாளில் மடித்து மடித்துப் பதித்த உலோக இழை. 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமலே இதைக் கண்டுபிடித்தார்கள். உருக்கின் மேல் ஒட்டிவிட்டால் உருக்கோடு சேர்ந்து இழையும் நீளும். நீண்டால் அதன் மின்தடை கூடும். ஒரு மீற்றர் நீளம் ஒரு மீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் அது ஒரு மைக்ரோ விகாரம். மானிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தான் ஒட்டியிருக்கும் கோட்டின் வழியே உலோகம் எவ்வளவு நீண்டது, அல்லது சுருங்கியது. பக்கவாட்டில் நடப்பதை அது பார்ப்பதில்லை. ஆனால் தகட்டின் ஒரு புள்ளியில் நடப்பதை முழுதாகச் சொல்ல மூன்று செய்திகள் தேவை: மிக அதிகமாக நீளும் அளவு, மிகக் குறைவாக நீளும் அளவு, அந்த இரண்டும் எந்தத் திசைகளில் என்பது. பெரியதும் சிறியதும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே அமையும். அவற்றையே தலைமை விகாரங்கள் என்கிறோம். அறியாதவை மூன்று என்பதால் மானிகளும் மூன்று.

விடை முன்கூட்டியே தெரிந்த இடத்தில் இந்த முறையைச் சோதித்துப் பார்ப்பதே நியாயம். அதற்கு நேரான குழாயை விடப் பொருத்தமான இடம் இல்லை. மலைச்சரிவில் வெளியே கிடக்கும், முனை மூடிய ஓர் உருக்குக் குழாயை எடுத்துக்கொள்வோம். ஆரை ஒரு மீற்றர், சுவரின் தடிப்பு 30 மில்லிமீற்றர், உள்ளே 3 மெகா பஸ்கால் அமுக்கம். அமுக்கத்தை ஆரையால் பெருக்கித் தடிப்பால் வகுத்தால், குழாயைச் சுற்றிய திசையில், பீப்பாய்க்கு இட்ட வளையம் இழுபடும் திசையில், 100 மெகா பஸ்கால் தகைப்பு. நீளவாட்டில் அதன் பாதி, 50. உருக்கின் யங்ஙின் மட்டு 200 கிகா பஸ்கால். ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எந்த விகிதத்தில் ஒடுங்கும் என்று சொல்லும் புவசோன் விகிதம் 0.3. இவற்றைக் கொண்டு கணித்தால் சுற்றுத் திசையில் 425 மைக்ரோ விகாரமும் நீளவாட்டில் 100உம் இருக்க வேண்டும். இங்கேயே ஒன்றைக் கவனிக்கலாம். தகைப்புகள் இரண்டுக்கு ஒன்று. விகாரங்களோ நாலேகாலுக்கு ஒன்று. விகாரத்தைப் பார்த்துத் தகைப்பை ஊகிப்பவர் இங்கேயே வழி தவறிவிடுவார்.

இனி ரோசெட்டை வேண்டுமென்றே கோணலாக ஒட்டுவோம். மூன்று மானிகளுக்கும் அ, ஆ, இ என்று பெயரிடுவோம். அ-விலிருந்து ஆ 45 பாகை, இ 90 பாகை. அ சுற்றுத் திசையிலிருந்து 20 பாகை விலகி, ஆ இருக்கும் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அப்போது அ 387, ஆ 158, இ 138 மைக்ரோ விகாரம் காட்டும். இந்த மூன்றையும் முதன்முறையாகப் பார்ப்பவருக்கு 425 என்ற எண் எங்கேயும் தெரியாது. ஆனால் செங்குத்தான இரு மானிகளின் கூட்டுத்தொகை, ரோசெட் எப்படித் திரும்பியிருந்தாலும் மாறாது. அ-வையும் இ-யையும் கூட்டிப் பாதியாக்கினால் 262.5. இதுதான் நடுமதிப்பு. அ இதற்கு மேல் 124.5, ஆ இதற்குக் கீழே 104.5. இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள், கர்ணம் 162.5. நடுமதிப்போடு கர்ணத்தைக் கூட்டினால் 425, கழித்தால் 100. மறைந்திருந்த இரண்டு எண்களும் வந்துவிட்டன. ஒட்டோ மோர் 1882இல் வரைந்து காட்டிய வட்டத்தின் கணக்கு இதுதான்: நடுமதிப்பு வட்டத்தின் மையம், கர்ணம் அதன் ஆரை.

திசைக்கும் அதே முக்கோணம் போதும்.

tan 2φ = (2ஆ − அ − இ) / (அ − இ)

நமது எண்களை இட்டால் −209 / 249. இருமடங்குக் கோணம் −40 பாகை, ஆகவே φ −20 பாகை. அ-விலிருந்து, ஆ இல்லாத பக்கமாக 20 பாகை திரும்பினால் பெரிய தலைமைத் திசை. நாம் கோணலாக்கிய அதே அளவு. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. பலரும் விழுவது இதில்தான். அதே ரோசெட்டை மேலும் 90 பாகை திருப்பி ஒட்டினால் மானிகள் 138, 367, 387 என்று காட்டும். சூத்திரத்தில் மேலேயும் கீழேயும் குறி ஒன்றாக மாறுவதால் விகிதம் மாறாது. கணிப்பான் மறுபடியும் −20 பாகை என்றே சொல்லும். இப்போது அது சிறிய விகாரத்தின் திசை. விடை முழுதாக 90 பாகை பிழைத்துவிட்டது. கண்டுபிடிக்க வழி எளியது: பெரிய தலைமைத் திசை எப்போதும் அ, இ இரண்டில் அதிகம் காட்டும் மானியின் 45 பாகைக்குள்தான் இருக்கும். 138 காட்டும் மானியிலிருந்து 20 பாகை தள்ளிப் பெரிய திசை இருக்கிறது என்று தாள் சொன்னால், தாள்தான் தவறு.

அடுத்து விகாரத்திலிருந்து தகைப்புக்கு. 425ஐ யங்ஙின் மட்டால் பெருக்கினால் 85 மெகா பஸ்கால் வரும். 100ஐப் பெருக்கினால் 20. உண்மையோ 100உம் 50உம். ஒரு திசையின் இழுவை மறு திசையை ஒடுக்குவதால், மானி கண்ட நீட்சி தகைப்பு தந்திருக்கக்கூடிய முழு நீட்சி அல்ல. ஆகவே பெரிய விகாரத்தோடு சிறியதன் 0.3 பங்கைச் சேர்த்து, 200 கிகா பஸ்காலை 0.91ஆல் வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும். 425உடன் 30 சேர்ந்து 455, விடை 100. சிறியதற்கு 100உடன் 127.5 சேர்ந்து 227.5, விடை 50. நிலத்தடியில் கொங்கிறீற்றுக்குள் புதைந்த குழாயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நீளவாட்டில் அசைய இடமில்லாவிட்டால் அத்திசையில் விகாரம் பூச்சியம். ஆனால் தகைப்பு பூச்சியமல்ல. சுற்றுத் தகைப்பின் 0.3 பங்கு அங்கே இருக்கிறது. மானி எதையும் காட்டவில்லை என்பதற்காக உருக்கு சும்மா இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். குழாயில் தலைமைத் திசைகள் எவை என்று பாடநூலே சொல்கிறதே. அந்த இரண்டு திசைகளில் இரண்டு மானிகள் ஒட்டினால் போதாதா? நேரான குழாயில் போதும்; மூன்றாவதைக் கேட்பது வீண்செலவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் கோணலானாலும் பெரிய நட்டமில்லை: மேலே 20 பாகை விலகிய அ-வையும் இ-யையும் தலைமை விகாரங்கள் என்றே எடுத்துக் கணித்தால் 94உம் 56உம் வரும், பெரிய தகைப்பில் ஆறு வீதப் பிழை. ஆனால் விலகல் 45 பாகையானால் இரு மானிகளும் 262.5 என்று ஒரே எண்ணைக் காட்டும். இரு திசையிலும் சமமாக 75 என்று நம்பி, 100 இருப்பதை அறியாமல் போவோம். தூய கத்தரிப்பு நிகழும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் உருக்கு விட்டப் பாலம் எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கிக்கு அருகே, விட்டத்தின் நிமிர்ந்த தகட்டின் நடு உயரத்தில், கிடையாக ஒன்றும் நிலைக்குத்தாக ஒன்றும் ஒட்டினால் ரயில் ஏறும்போது இரண்டும் ஏறத்தாழப் பூச்சியத்திலேயே நிற்கும். தகடோ மூலைவாட்டில் ஒருபுறம் இழுபட்டு மறுபுறம் நசுங்கிக்கொண்டிருக்கும். 45 பாகையில் நிற்கும் நடு மானி ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு குழாய் இரண்டு சுழலிகளுக்கென இரண்டாகக் கிளைக்கும் இடத்திலும் இப்படித்தான்; அங்கே தலைமைத் திசைகள் சாணுக்குச் சாண் திரும்புகின்றன, எந்தப் பாடநூலும் அவற்றை முன்கூட்டிச் சொல்லாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: எண்களே பிழையானால் கணக்கு எதற்கு? உண்மைதான், பிழை வரும் வழிகள் பல. அவற்றில் மலைநாட்டுக்கு உரியது வெப்பநிலை. 120 ஓம் மானி ஒன்று 425 மைக்ரோ விகாரத்தைக் கண்டால் அதன் தடை பத்தில் ஓர் ஓம் அளவுதான் மாறும். அதற்குப் போகும் செப்புக் கம்பியின் தடை ஓர் ஓம் என்றால், மூடுபனி விலகி வெயில் ஏறும் ஒரு காலையில் கம்பி 10 பாகை சூடானாலே 0.039 ஓம் கூடும். இது 163 மைக்ரோ விகாரம் போல வேடமிட்டு வரும். மூன்று மானிகளிலும் இதே அளவு ஏறினால் நடக்கும் மாற்றத்தைப் பாருங்கள். நடுமதிப்பு உயரும், கர்ணம் மாறாது, திசையும் மாறாது. தலைமைத் தகைப்புகள் 100, 50 என்பதற்குப் பதில் 147, 97 என்று வரும். அவற்றின் வித்தியாசம் அதே 50. ஆகவே பொதுவான வெப்பநிலைப் பிழையில் திசை பிழைத்துக்கொள்ளும், அளவு கெட்டுப்போகும். ஒவ்வொரு மானிக்கும் மூன்று கம்பி இழுத்து இணைத்தால் கம்பியின் சூடு தன்னைத் தானே கழித்துக்கொள்ளும். நீரை வடித்து அமுக்கத்தை இறக்கியபின் மூன்றும் பழைய பூச்சியத்துக்குத் திரும்புகின்றனவா என்று பார்ப்பதும் கட்டாயம். திரும்பாவிட்டால் அன்றைய எண்களை நம்ப முடியாது.

கணக்கால் தீராத எல்லைகளும் உண்டு. ரோசெட் தன்னை ஒட்டிய கணத்துக்குப் பின் வந்த மாற்றத்தை மட்டுமே அறியும். தகட்டை வளைத்து ஒட்டுவேலை செய்தபோதே உள்ளே பூட்டிக்கொண்ட தகைப்பு அதற்குத் தெரியாது. அதை அறிய, நடுவில் இடம் விட்ட தனி வகை ரோசெட்டை ஒட்டி, அந்த நடுவில் சிறு துளையிட்டு, பூட்டு அவிழும்போது சுற்றியுள்ள உலோகம் தளர்வதை அளக்கிறார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் போன்ற கல்லும் செங்கல்லுமான கட்டில், சில மில்லிமீற்றர் நீள மானி ஒரு கல்லின் கதையை மட்டுமே சொல்லும். கல்லுக்கும் சாந்துக்கும் மட்டு வேறு என்பதால், ஒரே மட்டை இட்டு முழு வளைவின் தகைப்பைக் கணிப்பதற்கு அங்கே இடமில்லை.

உருக்குக் குழாயில் வேலையைத் தொடங்கும்போது முதல் ரோசெட்டை நேரான பகுதியிலேயே ஒட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். அங்கே தகைப்புகள் இரண்டுக்கு ஒன்றாகவும் திசை சுற்றுவாட்டிலும் வந்தால், மானிகளின் வரிசை, கம்பி இணைப்பு, சூத்திரத்தின் குறி எல்லாம் சரி என்று தெரியும். அதன்பின் கிளைக்கு நகரலாம். கிளையில் ஒட்டுமுன் அ-வின் கோட்டைக் குழாயின் மேலேயே அழியாத மையால் நீட்டி வரைந்து, ஆ எந்தப் பக்கம் என்று அம்புக்குறியிட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும். பாதுகாப்புப் பூச்சு பூசி மூடியபின் மானிகள் கண்ணுக்குத் தெரியாது. −20 பாகை என்ற விடை எந்தக் கோட்டிலிருந்து, எந்தப் பக்கமாக என்பதற்கு அந்தப் படம் மட்டுமே சாட்சி.