இயந்திரத்தின் விலை எந்த ஆண்டின் செலவு?

நிலைச் சொத்து ஒன்றின் அடக்க விலையை, அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய பங்கை அந்த ஆண்டின் செலவாக எழுதுவதே தேய்மானம். இயந்திரம், கட்டடம், வாகனம், கணினி ஆகியவை பல ஆண்டுகள் உழைத்து, ஒரு கட்டத்தில் பயனற்றுப் போகின்றன. நிலத்துக்கு அப்படி ஒரு முடிவு இல்லாததால், பொதுவாக அதற்குத் தேய்மானம் கிடையாது.

திருப்பூரில் பனியன் துணி பின்னும் கூட்டாண்மை நிறுவனம் ஒன்று நிட்டிங் இயந்திரம் வாங்குவதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க முழுத் தொகைகளையே எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்தின் விலை 20 லட்சம் ரூபாய். லாரி வாடகை, இறக்குகூலி, பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்து 1 லட்சம். இயந்திரத்தை ஓடும் நிலைக்குக் கொண்டுவர இந்தச் செலவுகள் தேவைப்பட்டதால், அடக்க விலை 21 லட்சம் ஆகிறது. செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனம் அதை அடக்க விலையில் சேர்ப்பதில்லை.

இயந்திரம் 10 ஆண்டுகள் உழைக்கும், அதன்பின் பழைய இரும்பு விலைக்கு 1 லட்சம் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த 1 லட்சம் இறுதி மதிப்பு எனப்படும். எனவே, பத்து ஆண்டுகளில் கரைய வேண்டிய தொகை 20 லட்சம். அதை 10 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2 லட்சம். ஆண்டுதோறும் ஒரே தொகையை எழுதும் இந்த வழி நேர்க்கோட்டு முறை.

இப்படிப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? மற்ற எல்லாச் செலவுகளும் போக, இயந்திரத்தால் ஆண்டுக்கு 6 லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு 21 லட்சத்தையும் முதல் ஆண்டிலேயே செலவாக எழுதினால், அந்த ஆண்டு 15 லட்சம் நட்டம் காட்டும்; அடுத்த ஒன்பது ஆண்டுகளும் தலா 6 லட்சம் இலாபம் காட்டும். பிரித்து எழுதினால் ஒவ்வோர் ஆண்டும் 4 லட்சம் இலாபம். இறுதி மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், எந்த வழியிலும் பத்து ஆண்டு இலாபத்தின் கூட்டுத்தொகை 40 லட்சம்தான். எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

அந்த வேறுபாடு சிறியதன்று. முதல் ஆண்டு முடிவில் ஒரு கூட்டாளி விலகி, அவருடைய இடத்தில் இன்னொருவர் சேர்ந்தால், இயந்திரத்தின் சுமையெல்லாம் போனவர் தலையில் விழுந்து, பயனெல்லாம் வந்தவருக்குப் போய்விடும். பத்து ஆண்டுகள் துணி பின்னித் தரும் இயந்திரத்தின் விலையை, அந்தத் துணியின் வருமானம் வரும் ஆண்டுகளே தாங்க வேண்டும். வருமானத்துக்கு எதிரே அதை ஈட்ட ஆன செலவை நிறுத்தும் இந்த விதி, கணக்கியலில் பொருத்துகைக் கருத்து எனப்படுகிறது.

தேய்மானத்தை எழுதாமலே விடுவது இதைவிட ஆபத்தானது. அப்போது இலாபம் ஆண்டுக்கு 6 லட்சம் என்று தோன்றும். கூட்டாளிகள் அதை முழுதும் எடுத்துக்கொண்டே வந்தால், பத்தாம் ஆண்டு முடிவில் 60 லட்சம் வெளியே போயிருக்கும். மிஞ்சுவது 1 லட்சம் பெறும் பழைய இரும்பு. இலாபம் என்று நினைத்து எடுத்ததில் 20 லட்சம் அவர்கள் போட்ட முதல்.

ஏட்டில் இதை எழுதுவது எளிது. ஆண்டு முடிவில் தேய்மானக் கணக்கில் 2 லட்சம் பற்று, இயந்திரக் கணக்கில் 2 லட்சம் வரவு. தேய்மானக் கணக்கு இலாப நட்டக் கணக்குக்கு மாற்றப்படும். இயந்திரம் இருப்புநிலைக் குறிப்பில் முதல் ஆண்டு முடிவில் 19 லட்சம், அடுத்த ஆண்டு 17 லட்சம் என்று இறங்கிவரும். இயந்திரம் ஆண்டின் நடுவே, அக்டோபர் 1 அன்று ஓடத் தயாரானால், மார்ச் 31 வரையிலான ஆறு மாதத்துக்கு 1 லட்சம் மட்டுமே எழுதப்படும்.

மாணவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஏட்டில் உள்ள 17 லட்சம் சந்தை விலை என்று கொள்வது முதலாவது. இரண்டு ஆண்டு ஓடிய இயந்திரத்தைச் சந்தையில் 12 லட்சத்துக்குக் கேட்கலாம். 18 லட்சத்துக்கும் கேட்கலாம். 17 லட்சம் என்பது இன்னும் செலவாக எழுதப்படாத விலைப்பங்கு மட்டுமே. தேய்மானம் புது இயந்திரத்துக்காகச் சேமிக்கும் பணம் என்று எண்ணுவது இரண்டாவது. தேய்மானப் பதிவில் ஒரு ரூபாய்கூட கைமாறுவதில்லை. இலாபம் குறைந்து தெரிவதால் கூட்டாளிகள் எடுக்கும் தொகை குறைகிறது; அந்த 2 லட்சம் தொழிலுக்குள் தங்குகிறது. அது வங்கியில் இருக்கலாம், நூல் மூட்டையாகவோ வர வேண்டிய கடனாகவோ கிடக்கலாம். பத்தாம் ஆண்டில் புது இயந்திரத்தின் விலை ஏறியிருந்தால், தங்கிய 20 லட்சம் போதாமலும் போகலாம்.

இன்னொரு வழி குறைந்து செல் மதிப்பு முறை. இதில் ஒவ்வோர் ஆண்டும் மீதியுள்ள மதிப்பின் மீது ஒரே சதவீதம் கணக்கிடப்படும். 15 சதவீதம் என்றால் முதல் ஆண்டு 3,15,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 2,67,750 ரூபாய். புது இயந்திரத்துக்குப் பழுதுச் செலவு குறைவு, பழையதற்கு அதிகம். தேய்மானம் இறங்க, பழுதுச் செலவு ஏற, இரண்டும் சேர்ந்த சுமை ஓரளவு சமமாகிறது. ஆனால் விகிதம் பொருந்த வேண்டும்: 15 சதவீதத்தில் பத்து ஆண்டு முடிவில் ஏறத்தாழ 4.13 லட்சம் ஏட்டில் மிஞ்சும். 1 லட்சத்துக்கு இறங்க வேண்டுமானால் விகிதம் சுமார் 26 சதவீதமாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு இதே முறையில் 15 சதவீதம் அனுமதிக்கப்படுகிறது. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதிதான். கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வழிகாட்டுகிறது. ஒரு ஷிப்ட் ஓடும் பொதுவான இயந்திரத்துக்கு அது 15 ஆண்டு ஆயுள் சொல்கிறது. இறுதி மதிப்பு பொதுவாக அடக்க விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே, ஒரே இயந்திரத்துக்கு நிறுவனத்தின் ஏட்டில் ஒரு தேய்மானமும் வரிக் கணக்கில் வேறொன்றும் இருப்பது இயல்பு.

ஆயுள் ஒரு மதிப்பீடு என்பதால் அது தவறலாம். நான்கு ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 13 லட்சமாக இருக்கும்போது, புதுவகை இயந்திரங்களின் வரவால் இது இன்னும் மூன்று ஆண்டுக்குத்தான் உதவும் என்று தெரிந்தால், இறுதி மதிப்பு 1 லட்சம் போக மீதி 12 லட்சம் அந்த மூன்று ஆண்டுகளுக்குப் பிரிக்கப்படும்; ஆண்டுக்கு 4 லட்சம். கடந்த ஆண்டுகளின் கணக்கைத் திருத்துவதில்லை.

மதிப்பீடு தவறுவதை ஏடே காட்டிக்கொடுக்கும். ஆறு ஆண்டு முடிவில் 9 லட்சம் மதிப்புள்ள இயந்திரம் 7 லட்சத்துக்கு விற்றால், 2 லட்சம் நட்டமாக எழுதப்படும். விற்கும் இயந்திரத்திலெல்லாம் இப்படி நட்டம் வந்தால், அந்த நிறுவனம் ஆயுளைக் கூட்டி மதிப்பிட்டு, முந்தைய ஆண்டுகளில் இலாபத்தை மிகையாகக் காட்டியிருக்கிறது. மாறாக, ஏட்டில் இறுதி மதிப்பை எட்டிவிட்ட இயந்திரங்கள் ஷெட்டில் இன்னும் முழு வேகத்தில் ஓடினால், ஆயுள் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது. முந்தைய ஆண்டுகள் தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்கியிருக்கின்றன.