‘வாரண்டி வராது சார்’ என்றால்...

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கி 28 மாதம் ஆகிறது. மூன்று மணி நேரம் ஓடிய மின்விசிறி இப்போது இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. வாரண்டி கார்டில் ‘36+24’ என்று போட்டிருக்கிறது. முதல் 36 மாதத்துக்குள் தயாரிப்புக் குறையால் கெட்டால் வேறு பேட்டரி இலவசம். அடுத்த 24 மாதத்தில் கெட்டால் புதிய பேட்டரி விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். கணக்குப்படி இலவசம்தானே என்று கடைக்குப் போனால், இரண்டு நாள் கழித்து “வாரண்டி வராது சார்” என்கிறார்கள்.

அந்த ஒரு வரி பதிலாகாது. எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் பதில்.

சோதிப்பவர் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஆறு மூடிகளையும் கழற்றி, ஒவ்வொரு அறையிலும் ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டின் அடர்த்தியை அளப்பார். வீட்டு டியூப்ளர் பேட்டரியில் அது 1240-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஐந்து அறைகள் சரியாக இருந்து ஒன்று மட்டும் 1100-க்கு இறங்கியிருந்தால், பெரும்பாலும் அது உள்குறை, வாரண்டியில் வரும். ஆறும் ஒரே அளவில் குறைந்திருந்தால் சார்ஜே சரியாக ஏறவில்லை என்று பொருள். கோளாறு இன்வெர்ட்டரிலும் இருக்கலாம். தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தால், அது பராமரிப்புக் குறை. அதை எந்த வாரண்டியும் ஏற்பதில்லை.

ஆகவே, மறுக்கும் கடைக்காரர் இப்படி எழுதித் தர வேண்டும்:

“ஆறு அறைகளிலும் தண்ணீர் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தது. தகடுகளில் வெள்ளைப் படிவு உள்ளது. படம் இணைத்துள்ளோம். இது கார்டில் உள்ள பராமரிப்பு நிபந்தனையில் வருவதால் இலவசமாக மாற்ற முடியவில்லை. வெடிப்பு, உள்தகடு அறுந்தது போன்ற தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, பலன் உறுதியில்லை. அல்லது பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியது வாங்கலாம்.”

பழைய பேட்டரியில் ஈயம் இருப்பதால் அதற்கு விலை உண்டு. எக்ஸ்சேஞ்ச் விலையை இரண்டு கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

காரணம் ஏற்கும்படி இல்லையா? கம்பெனியின் சேவைப் பிரிவில் மறுசோதனை கேளுங்கள். அளக்கும்போது கூடவே நில்லுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பில், வாரண்டி கார்டு, மறுப்புக் கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். கடிதம் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.