62 திசுக்களும் ஒரு மாடலின் மதிப்பெண்ணும்

ஒரு கணிப்பு மாடல் எவ்வளவு நம்பகமானது என்பதை, அது பயிற்சியின்போது பார்க்காத தரவைக் கொடுத்துத்தான் அளக்க முடியும். அதற்காகத் தரவில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்து, மீதியில் மாடலைப் பயிற்றுவிப்பது வழக்கம். தரவு லட்சக்கணக்கில் இருக்கும்போது இப்படி ஒரே ஒரு முறை பிரித்தால் போதும். குறைவாக இருக்கும்போதுதான் சிக்கல்.

யூரி அலோனும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட பெருங்குடல் திசுத் தரவு இதற்கு நல்ல உதாரணம். அதில் உள்ளவை 62 திசுக்கள்: 40 புற்றுக்கட்டியிலிருந்தும் 22 இயல்பான பகுதியிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு திசுவுக்கும் 2000 மரபணுக்களின் செயல்பாட்டு அளவு தரப்பட்டிருக்கிறது. அந்த அளவுகளைப் பார்த்து, திசு எந்த வகை என்று மாடல் சொல்ல வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினால் கிடைப்பது 12 திசுக்கள். பத்து சரியானால் 83 சதவீதம், பதினொன்று சரியானால் 92. ஒரே ஒரு திசு மதிப்பெண்ணை எட்டுப் புள்ளிகளுக்கு மேல் நகர்த்திவிடுகிறது. மாடலின் உண்மையான துல்லியம் 80 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 12 திசுக்களில் அளக்கும்போது நியம விலக்கம் சுமார் 12 புள்ளிகள். எனவே ஒருவருக்கு 67 வருவதும் இன்னொருவருக்கு 92 வருவதும் வெறும் குலுக்கலின் விளைவாக இருக்கலாம். எல்லாத் திசுக்களையும் கண்ணை மூடிக்கொண்டு ‘புற்று’ என்று சொன்னாலே 40/62, அதாவது 65 சதவீதம் கிடைத்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 67ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கிராஸ் வேலிடேஷன் எனப்படும் குறுக்குச் சரிபார்ப்பு எல்லாத் திசுக்களையும் சோதனைக்குப் பயன்படுத்துகிறது. 62ஐ 12, 12, 12, 13, 13 என ஐந்து பங்குகளாக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் புற்றுக்கும் இயல்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பிரிப்பது அவசியம். இல்லாவிட்டால் ஒரு பங்கில் இயல்பான திசு இரண்டும் இன்னொன்றில் ஏழும் விழக்கூடும். பிறகு ஒரு பங்கைச் சோதனைக்கு வைத்து, மற்ற நான்கில் மாடலைப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டும். இப்படி ஐந்து முறை செய்தால் ஒவ்வொரு திசுவும் சரியாக ஒருமுறை சோதிக்கப்படும். ஐந்து பங்குகளிலும் சரியானவை முறையே 10, 11, 8, 12, 10 என்று வருவதாகக் கொண்டால், மொத்தம் 51. அதாவது 82 சதவீதம். மூன்றாம் பங்கு மட்டும் ஒற்றைச் சோதனையாக அமைந்திருந்தால் முடிவு 67. இரண்டாம் பங்காக இருந்திருந்தால் 92. 62 திசுக்களில் அளக்கும்போது நியம விலக்கம் தோராயமாக ஐந்து புள்ளிகளாகக் குறைகிறது. பங்குகளை வெவ்வேறு விதமாகக் கலைத்துப் பலமுறை செய்து சராசரி எடுத்தால், பிரித்த விதத்தால் வரும் ஆட்டம் இன்னும் அடங்கும். ஆனால் திசுக்கள் 62 மட்டுமே என்ற குறையை அது தீர்க்காது.

இந்த முறையைக் கெடுக்கும் தவறு ஒன்று உண்டு. அது எளிதில் கண்ணில் படுவதில்லை. 2000 மரபணுக்களும் தேவையில்லை என்று, வகையோடு அதிகம் தொடர்புள்ள சிலவற்றை 62 திசுக்களையும் பார்த்து முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்பின் பங்கு பிரிப்பதே அது. சோதனைத் திசுக்களின் விடை, மரபணுத் தேர்வின் வழியாக ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஹேஸ்டி, டிப்ஷிரானி, ஃப்ரீட்மன் ஆகியோரின் புகழ்பெற்ற பாடநூல் இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. வகையோடு எந்தத் தொடர்பும் இல்லாத 5000 மாறிகளை 50 மாதிரிகளுக்கு உருவாக்கி, அவற்றில் 100ஐ முன்கூட்டியே தேர்ந்தெடுத்தார்கள். உண்மையான பிழை 50 சதவீதமாக இருக்க வேண்டிய இடத்தில் குறுக்குச் சரிபார்ப்பு காட்டியது சராசரியாக 3 சதவீதம்! இதே பெருங்குடல் தரவில் இந்தக் கோளாறை ஆம்ப்ரோஸும் மெக்லாக்லனும் 2002இல் சுட்டிக்காட்டினார்கள்: தேர்வைச் சுற்றுக்குள் கொண்டுவந்ததும், சில மரபணுக்களை வைத்தே கிடைத்ததாகத் தோன்றிய பிழையற்ற கணிப்பு மறைந்துபோனது. ஆகவே தேர்வு, அளவுச் சீராக்கம், மாடலின் அமைப்புகளைத் திருத்துவது என எல்லாமே ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சிப் பங்குகளை மட்டும் பார்த்து நடக்க வேண்டும்.

இந்தத் தரவில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இயல்பான 22 திசுக்கள், கட்டித்திசு கொடுத்த நோயாளிகளிடமிருந்தே எடுக்கப்பட்டவை. ஒரே நோயாளியின் இரண்டு திசுக்களும் ஒரே பங்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளாவிட்டால், மாடல் ஏற்கெனவே பார்த்த ஒருவரின் திசுவே சோதனைக்கும் வந்துவிடும்.

ஐந்து சுற்றுகளில் உருவான ஐந்து மாடல்களும் அளவிடுவதற்காக மட்டுமே. பயன்பாட்டுக்குப் போகும் மாடல், அதே வழிமுறையில் 62 திசுக்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்படுகிறது. 82 என்பது அந்த வழிமுறைக்கான மதிப்பீடு. ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சிக்கு 49 அல்லது 50 திசுக்களே கிடைத்ததால், அது பொதுவாக உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். வேறொரு மருத்துவமனையில், வேறொரு கருவியில் அளந்த திசுக்களில் அந்த மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்தப் பங்கீட்டாலும் கண்டறிய முடியாது. அதற்கு அங்கிருந்தே புதிய திசுக்கள் வேண்டும்.