‘குறிப்பிடத்தக்க’ என்றால் எவ்வளவு?

“புழுங்கல் அரிசி உண்ட நோயாளிகளிடையே பெரிபெரி நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது.”

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. அறிவியல் நடையில் எழுதப்பட்டது போலவும் தோன்றுகிறது. ஆனால், எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது, யாரோடு யாரை ஒப்பிட்டனர், நோய் எவ்வளவு குறைந்தது, அந்த அளவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டால் இவ்வாக்கியத்திடம் விடை இல்லை. மாணவர்களின் அறிவியல் அறிக்கைகளில் மட்டுமன்று, நாளிதழ்ச் செய்திகளிலும் இத்தகைய வாக்கியம் அடிக்கடி வருகிறது. மேற்கண்ட வாக்கியத்தைப் படிப்படியாகத் திருத்தி எழுதுவதே இப்பகுதியின் நோக்கம். அதற்கான விவரங்கள் நம் நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் உண்மையான ஆய்விலிருந்து கிடைக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி ஓர் உயிர்க்கொல்லி நோயாக இருந்தது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் பெருமளவில் தாக்கியது. அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் வேலை செய்த தமிழர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சியாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. பினாங்கின் லிட்டில் இந்தியா கடைகளில் இன்றும் இட்லிக்கென்று நாம் கேட்டு வாங்கும் அதே வகை அரிசிதான். நோய்க்குக் காரணம் அரிசியே என்று பிராடன் வாதிட்டார். பலர் அதை ஏற்கவில்லை. உணவைத் தவிர, தமிழர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே வேறு எத்தனையோ வேறுபாடுகள் இருந்தனவே!

இதைச் சோதிக்க முன்வந்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் 1905 டிசம்பரில் தம் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறத்திலிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்கு வழக்கமான சியாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு எல்லாருக்கும் ஒன்றே. புதிதாக வந்தவர்களையும் இப்படியே மாற்றி மாற்றிச் சேர்த்தார். தாமாக முடிவெடுக்க இயலாத நோயாளிகளிடம் ஒப்புதல் பெறாமல் இப்படி ஓர் ஆய்வு நடத்த இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இடம் தருவதில்லை. அக்காலத்தில் அத்தகைய விதிகள் பரவலாக இல்லை.

1906ஆம் ஆண்டு முடியும்வரை ஆய்வு நீடித்தது. முடிவுகள் இவை. பச்சரிசி உண்ட 120 பேரில் 34 பேருக்குப் பெரிபெரி கண்டது. அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

இப்போது நம் வாக்கியத்துக்கு வருவோம்.

முதலில் ‘குறிப்பிடத்தக்க’ என்னும் சொல்லை நீக்கிவிட்டு, அது நின்ற இடத்தில் எண்ணிக்கையை வைக்க வேண்டும். 120 பேரில் 34 பேர் என்பது 28.3 விழுக்காடு. 123 பேரில் இருவர் என்பது 1.6 விழுக்காடு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 26.7; அதாவது நூறு பேருக்கு ஏறத்தாழ 27 பேர். இதையே “நோய் வாய்ப்பு 17 மடங்கு அதிகம்” என்றும் எழுதலாம். அதுவும் பொய்யன்று. ஆனால், ‘மடங்கு’ தனியாக நிற்கும்போது படிப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும். பத்து இலட்சம் பேரில் ஒருவர் 17 பேராக உயர்ந்தாலும் அது 17 மடங்குதான். எனவே, இரு பிரிவுகளின் விழுக்காட்டையும் தந்த பிறகே மடங்கைச் சொல்வது நேர்மையானது.

நோயுடனேயே வந்த அந்த இருவரை என்ன செய்வது? புழுங்கல் அரிசிப் பிரிவிலிருந்து அவர்களை நீக்கிவிட்டால் அப்பிரிவில் நோயாளிகள் சுழியம் ஆவர். வேறுபாடு இன்னும் கவர்ச்சியாகத் தெரியும். அதனால்தான் நீக்கக் கூடாது. முடிவைப் பார்த்த பிறகு, நமக்குச் சாதகமான திசையில் யாரையும் கழிக்கத் தொடங்கினால் அந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களைக் கணக்கில் வைத்துக்கொண்டு, வரும்போதே நோய் இருந்தது என்பதை ஒரு தொடரில் குறிப்பிட்டால் போதும்.

அடுத்தது உறுதியின்மை. 27 என்னும் வேறுபாடு இந்த 243 பேரிடம் கண்டது. அவர்களின் இடத்தில் வேறு 243 பேர் இருந்திருந்தால் சரியாக 27 வந்திருக்காது. 22 அல்லது 31 வந்திருக்கலாம். எனவே நம் மதிப்பீட்டைச் சுற்றி ஓர் இடைவெளியையும் தர வேண்டும். அதைக் கணக்கிட ‘திட்டப் பிழை’ உதவுகிறது. அதன் வாய்பாடு:

√( p₁(1 − p₁)/n₁ + p₂(1 − p₂)/n₂ )

இங்கு p என்பது ஒவ்வொரு பிரிவிலும் நோய் கண்டவர்களின் பங்கு. N என்பது அப்பிரிவின் மொத்த எண்ணிக்கை. பச்சரிசிப் பிரிவுக்கு 0.283 × 0.717 ÷ 120 = 0.00169. புழுங்கல் அரிசிப் பிரிவுக்கு 0.016 × 0.984 ÷ 123 = 0.00013. இரண்டையும் கூட்டினால் 0.00182, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.043. இதை 1.96ஆல் பெருக்கினால் 0.084, அதாவது 8.4 விழுக்காட்டுப் புள்ளிகள். 26.7இலிருந்து 8.4ஐக் கழித்தால் 18, கூட்டினால் 35. ஆகவே, 18 முதல் 35 வரை என்பது நம் இடைவெளி. இதை ‘95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி’ என்பர். இதே முறையில் பல ஆய்வுகளுக்கு இடைவெளி கணக்கிட்டால், நூற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகள் உண்மையான அளவைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே அதன் பொருள்.

இந்த 1.96 மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. இடைவெளி சுழியத்தைத் தொடாமல் இருந்தால் மட்டுமே புள்ளியியலாளர்கள் அந்த வேறுபாட்டைக் ‘குறிப்பிடத்தக்கது’ என்பர். தற்செயலால் மட்டும் இவ்வளவு வேறுபாடு எழுவது அரிது என்பதே அவர்கள் கருதும் பொருள். வேறுபாடு பெரியது என்றோ முக்கியமானது என்றோ அச்சொல் கூறுவதில்லை. நாம் அன்றாடத் தமிழில் கருதும் பொருளோ அதுதான். குழப்பம் தொடங்கும் இடம் இதுவே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு பிரிவிலும் 12,000 பேர். ஒன்றில் 10 விழுக்காட்டினருக்கு நோய், மற்றொன்றில் 9 விழுக்காட்டினருக்கு நோய். மேற்கண்ட வாய்பாட்டில் இட்டால், வேறுபாட்டின் இடைவெளி 0.3 முதல் 1.7 வரை வருகிறது. சுழியத்தைத் தொடவில்லை. எனவே இதுவும் ‘குறிப்பிடத்தக்கது’. ஆனால் நூறு பேரில் பயன் பெறுவது ஒருவரே. பிளெட்சர் கண்ட நூற்றுக்கு 27ஐயும் இந்த நூற்றுக்கு 1ஐயும் நம் முதல் வாக்கியம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. எல்லாத் தொழிலாளர்களின் அரிசியையும் மாற்றலாமா என்று முடிவு செய்ய வேண்டிய ஓர் அதிகாரிக்கு அச்சொல் எதையும் சொல்லாது.

மறுபக்கமும் உண்டு. பிளெட்சரிடம் நான்கில் ஒரு பங்கு நோயாளிகளே இருந்து, விழுக்காடுகள் மட்டும் அப்படியே இருந்திருந்தால், பிழையின் அளவு இரு மடங்காகியிருக்கும். இடைவெளி ஏறத்தாழ 10 முதல் 44 வரை விரிந்திருக்கும். மதிப்பீடு அதே 27. நம் அறிவோ மிகக் குறைவு. இடைவெளியைக் கொடுக்காமல் 27 என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு இது தெரியாமலே போகும்.

சுழியத்துக்குத் தனிக் கவனம் தேவை. “புழுங்கல் அரிசி உண்டால் பெரிபெரியால் மரணமே இல்லை” என்று எழுத ஆசை வரும். 123 பேரில் யாரும் இறக்கவில்லை என்பது உண்மை. ஆனால், மேலே கண்ட வாய்பாட்டில் சுழியத்தை இட்டால், அப்பிரிவில் பிழையே இல்லை என்று தவறாகக் காட்டும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு: 3ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும். 3 ÷ 123 = 0.024. எனவே, உண்மையான இறப்பு வீதம் சுழியமாக இருக்கலாம், 2.4 விழுக்காடு வரையிலும் இருக்கலாம். அப்படியிருந்தாலும் பச்சரிசிப் பிரிவின் 15 விழுக்காட்டைவிட அது மிகக் குறைவே.

இவற்றையெல்லாம் சேர்த்து எழுதினால் நம் வாக்கியம் இவ்வாறு அமையும்:

“கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905 டிசம்பர் முதல் 1906 இறுதிவரை நடந்த ஆய்வில், தீட்டிய பச்சரிசி உண்ட 120 பேரில் 34 பேருக்கும் (28.3%), புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் 2 பேருக்கும் (1.6%, இருவரும் நோயுடன் வந்தவர்கள்) பெரிபெரி காணப்பட்டது. வேறுபாடு நூறு பேருக்கு 27. 95% நம்பிக்கை இடைவெளி 18 முதல் 35 வரை.”

நீளமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் படிப்பவர் இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் இந்த இடைவெளி தற்செயலை மட்டுமே அளக்கிறது. ஆய்வு அமைந்த விதத்தில் கோளாறு இருந்தால் அதை இது காட்டாது. இரு பிரிவினரும் வெவ்வேறு கட்டடங்களில் தங்கியிருந்தனர். நோய் அரிசியால் வராமல் கட்டடத்தால் வந்திருந்தால்? பிளெட்சர் இதை உணர்ந்து, ஆய்வின் இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். நோய் பச்சரிசி உண்டவர்களையே தொடர்ந்தது. இது ஒரே மருத்துவமனையில் கண்டது என்னும் குறை அதன் பின்னும் இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டைச் செய்து, 1909இல் ஒத்த முடிவை வெளியிட்டனர்.

ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதற்குப் பிளெட்சரின் எண்கள் விடை தரவில்லை. அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதம் குறைவாக இருக்கலாம், அல்லது சத்துக் குறைவால் தளர்ந்த உடலைக் கிருமி தாக்கியிருக்கலாம் என மூன்று வாய்ப்புகளை அவர் எழுதி வைத்தார். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஒரு சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. அச்சத்தை 1926இல் பத்தாவியாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர் தனியே பிரித்தெடுத்தனர். இன்று அதன் பெயர் வைட்டமின் பி1. பிளெட்சரின் மூன்று விளக்கங்களில் எதுவும் முழுமையாகச் சரியாக அமையவில்லை. 120இல் 34, 123இல் 2 என்னும் எண்களைத் திருத்த வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை.